ஐசியில் இந்தியர், அதனால் ஐந்தாம் வகையாம்

போன பதிவில் சொன்ன லேசர் கிளினிக் கதைதான்: நானும் என் அக்காவும் போனபோது, அங்கிருந்த பெண் எங்கள் இனத்தை வைத்தே தோல் வகையை எழுதிவிட்டாள். இன்னும் ஆறவில்லை. ‘ஒரு டிக்தானே அக்கா, விடுங்க’ என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் எங்கள் இருவரின் ஐசி அடையாள அட்டையையும் வாங்கி, இனம் என்ற இடத்தைப் பார்த்து, ரெண்டு பாரத்திலும் தோல் வகையில் ஐந்தாம் வகைக்கு டிக் போட்டாள். நிமிர்ந்து எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் அந்த அளவுகோல் எதற்காக வந்தது தெரியுமா? 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், சோரியாசிஸ் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து அதன்பின் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சையில் முதல் டோஸ் எவ்வளவு என்று முடிவு செய்ய வகுத்தது. முடி நிறம், கண் நிறம் பார்த்துக் கொடுத்ததில் சிலருக்கு டோஸ் கூடிப்போனது. அதனால்தான் ‘வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரியுமா, பிறகு கறுக்குமா?’ என்று ஆளிடமே கேட்கத் தொடங்கினார். ஆகப் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகவே பிறந்த அளவுகோல் இது! முதலில் வெள்ளைத் தோலுக்கு நாலு வகைதான். பழுப்புக்கு ஐந்து, கறுப்புக்கு ஆறு என்று நம்மைப் பிறகுதான் சேர்த்தார்கள். அந்த ரெண்டிலும் எரிகிற கதையைவிட நிறமே முன்னால் வந்து நின்றது. குழப்பம் அங்கேயே ஆரம்பம்.

என் அக்கா ஈஸ்ட் கோஸ்டில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் மூக்கும் தோளும் சிவந்து, மூணாம் நாள் தோல் உரியும். எனக்கு இதுவரை எரிந்ததே இல்லை, கறுப்பதோடு சரி. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஐசியில் ஒரே இனம். என்னோடு படித்த சீனத் தோழி ஒருத்தி எரியாமலே சட்டென்று கறுப்பாள். அவளுக்கு எந்த டிக் போட்டிருப்பார்கள்?

‘கறுத்த தோலுக்கு லேசர் ஜாக்கிரதையாகத்தானே வைக்க வேண்டும், அவள் நல்லதுதானே செய்தாள்?’ சரி, இது நியாயமான கேள்வி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை இழுத்துக்கொள்ளும், சூடாகும், சுட்ட இடத்தில் மாதக்கணக்கில் தழும்புபோல் கறுப்பு நிற்கும். ஆனால் அந்த மெலனின் இருப்பது தோலில், ஐசியில் இல்லை. லேசர் படப்போகும் இடத்தின் நிறத்தைப் பார், சமீபத்தில் வெயிலில் அலைந்தாயா என்று கேள், ஓரமாக ஒரு சின்ன இடத்தில் சுட்டுப் பார்த்து நாள்விட்டு முடிவு செய். இனத்தை வைத்து முடிவு செய்தால் ஐந்து என்று எழுதப்பட்ட ஆறாம் வகைக்காரருக்குக் கொப்புளம், நாலாம் வகைக்காரருக்குக் காசு வீண்.

இனவாதம் என்று நான் சொல்லவே இல்லை, அந்த வார்த்தையை என் வாயில் திணிக்காதீர்கள். தொடக்கப்பள்ளியில் என்னை மட்டும் ‘கரிக்கட்டை’ என்று கூப்பிட்டவர்களுக்கு, அக்காவும் நானும் ஒரே நிறமில்லை என்று நன்றாகவே தெரிந்திருந்தது. பாரம் நிரப்பும்போது மட்டும் நாங்கள் எல்லாரும் ஒன்று.

அக்காவுக்கு வியாழக்கிழமை அதே இடத்தில் முதல் சிட்டிங். நானும் போகிறேன். உரிந்த மூக்கோடு எடுத்த போட்டோ போனில் இருக்கிறது.