குடம் இருக்கிறது, ரேடியோவைக் காணோம்

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டருகே உள்ள ஸ்டூடியோவுக்கு இன்று காலை கொடுத்த கடிதம் இது. கடையின் பெயர் வேண்டாம்; நேற்றுவரை நல்ல கடைதான்.

ஐயா, வணக்கம்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஊரே காத்துக் கிடந்தபோது, அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு உங்கள் ஆள் எங்கள் வீட்டில் எடுத்த படம் அது. மூலையில் பச்சை பிளாஸ்டிக் குடம் நிற்கும். அப்பாவின் முதல் திதிக்காக அதை 12க்கு 18 அங்குலத்தில் கேட்டேன். குடத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லி, படத்தில் விரல் வைத்தும் காட்டினேன். ரசீதில் உங்கள் பையன் எழுதியது: 'இடப்பக்கம் உள்ளதை நீக்கவும்.'

யாருடைய இடப்பக்கம்? பார்க்கிற எனக்கு இடப்பக்கம் குடம். உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு இடப்பக்கம் அவருடைய டிரான்சிஸ்டர். குடம் பளபளவென்று அப்படியே இருக்கிறது. ரேடியோ போய்விட்டது.

போனது கிட்டப் போய்ப் பார்த்தால் தெரிகிறது. ஸ்டூல் காலியாக இருக்க, அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் அப்பாவின் இடது கை எதையோ தடவிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. ஏரியலின் மெல்லிய நிழல் சுவரில் இன்னும் சாய்ந்திருக்கிறது. பக்கத்துச் சுவரை நகலெடுத்து ஒட்டி மறைத்திருக்கிறார்கள். அதனால் காரை பெயர்ந்த ஒரே இடம், ஒரே வடிவில், இரண்டு முறை வருகிறது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கு முன் வாட்ஸாப்பில் மாதிரி அனுப்பினீர்கள். பஸ்ஸில் நின்றபடி அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்றேன். உள்ளங்கை அளவுத் திரையில் நிழலையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

நேற்று தொலைபேசியில், வேறு படத்திலிருந்து ஒரு ரேடியோவை வெட்டி ஒட்டித் தருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். இந்தப் படத்தில் வெளிச்சம் ஜன்னல் வழியே பக்கவாட்டில் விழுகிறது. ஃபிளாஷில் எடுத்த ரேடியோ இங்கே திருட்டுப் பொருள் போலத்தான் தெரியும். அதுவும் அப்பாவின் ரேடியோ ஆகாது. திருத்திய கோப்பில் அதைத் தேடியும் பயனில்லை. ஒன்றாகச் சேர்த்துச் சேமித்த ஜேபெக்கில் ரேடியோ இருந்த இடமெல்லாம் இப்போது சுவர்தான். கேமராவிலிருந்து 2019இல் இறக்கிய மூலக் கோப்பு உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும். அதை எடுத்து, அதன் நகலில் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள். குடத்தோடு தரையில் விழுந்த அதன் நிழலும் போக வேண்டும்.

மறு அச்சுக்குப் பணம் தர மாட்டேன். சட்டத்தைக் கழற்றி மாட்டும் கூலியைத் தருகிறேன், அது மரக்கடைக்காரரின் உழைப்பு.

சனிக்கிழமை மாலை நானே வருகிறேன். நான் விரல் வைத்துக் காட்டிய, ரேடியோ இருக்கும் பழைய அச்சில் குடத்தின்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, ரேடியோவைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் 'இது இருக்கட்டும்' என்று எழுதிக் கொண்டுவருவேன். ரசீதிலும் இம்முறை 'குடம்' என்றே எழுதச் சொல்லுங்கள்.