ரெண்டு நிமிஷத்துக்கும் அஞ்சு மணி நேரத்துக்கும் நடுவில்

டேட்டிங் ஆப்பில் மேட்ச் ஆகி, வாட்ஸ்அப் நம்பர் வாங்கி, நாலாவது நாளே என் தோழிகளிடம் புலம்ப ஆரம்பித்துவிட்டேன். "நான் ரெண்டு நிமிஷத்துல பதில் போடறேன்டி, அவர் அஞ்சு மணி நேரம் எடுத்துக்கறார்." மூன்று பேரும் ஒரே குரலில், "அவருக்கு இஷ்டமில்லை, விட்டுடு" என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பு. ஆனால் நான் நடந்துகொண்டதும் சரியில்லை என்பது ரெண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் என் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வேலை கஸ்டமர் சாட் சப்போர்ட். திரையில் ஒரு செய்தி வந்தால் பக்கத்திலேயே டைமர் ஓடும். ரெண்டு நிமிஷம் தாண்டினால் சிவப்பு. எட்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிற கைக்கு, போன் அதிர்ந்ததும் பதில் அடிப்பது அனிச்சைச் செயல். அதைப் போய் "நான் எவ்வளவு அக்கறையா இருக்கேன் பாரு" என்று நானே எனக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். கேஸ் புக் பண்ணியதா என்று அம்மா கேட்டாலும் அதே ரெண்டு நிமிஷம்தான்.

அவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்க்கிறார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட் பக்கம் இருக்கிற லாக்கரில் வைத்துவிட வேண்டும். பத்து நிமிஷ டீ பிரேக்கில் அதுவரை நடந்து போய் வர முடியாது. ஏ ஷிப்ட் என்றால் காலை 6 முதல் மதியம் 2.30 வரை, பி ஷிப்ட் என்றால் 2.30 முதல் இரவு 11 வரை. வாரத்துக்கு வாரம் மாறும்.

இந்த வாராவாரம் மாறுகிற விஷயம்தான் என்னை நன்றாகக் குழப்பியது. முதல் வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பதில் வந்துகொண்டிருந்தது. பழகிக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் சத்தமே இல்லை, நடு ராத்திரி ரெண்டு வரி. "மாறிட்டார்" என்று முடிவு கட்டிவிட்டேன். மாறியது ஷிப்ட். ஏற்கெனவே அவர் பி ஷிப்டில் இருந்த ஒரு வாரத்தோடு இதை ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் அப்படி ஒரு வாரத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒருவருடைய தாமதத்தை அவருடைய வழக்கமான தாமதத்தோடுதான் ஒப்பிட முடியும். அந்த வழக்கம் கண்ணில் படவே ரெண்டு மூன்று வாரம் ஆகிறது. நாலாவது நாளில் தோழிகளைக் கூப்பிட்டு பஞ்சாயத்து வைத்தால் தீர்ப்பு அப்படித்தான் வரும்.

இப்போது அந்தப் புதன்கிழமை கதை. ஸ்கிரோல் பண்ணிப் பார்த்தே எழுதுகிறேன்.

9.40: "சாப்டாச்சா?" 9.52: எங்கள் தெரு நாய் ஆட்டோ சீட்டில் தூங்குகிற போட்டோ. 10.30: "ஞாயிறு ஃப்ரீயா? பெசன்ட் நகர் போலாமா?" 12.05: ஆபீஸில் கேட்ட ஒரு ஜோக். 1.20: "பிஸியா?" 1.45: வெறும் கேள்விக்குறி.

2.50-க்கு எல்லாம் ஒரே நேரத்தில் நீல டிக். பதில் இல்லை. 6.20-க்கு வந்தது: ஜோக்குக்கு ரெண்டு சிரிப்பு எமோஜி, "இப்பதான் எழுந்தேன்". ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே பிளாக் பண்ணியிருக்க வேண்டும். ஜோக்குக்குப் பதில் போடத் தெரிகிறது, கூப்பிட்டதற்குப் போடத் தெரியவில்லையா? மறுநாள் போனில் கேட்டேன். அவர் சொன்னது: "பஸ்ல நின்னுட்டே பாத்தேன். ஆறு மெசேஜ். வீட்டுக்குப் போய் உக்காந்து எழுதலாம்னு வெச்சேன், தூங்கிட்டேன். எழுந்து பாத்தப்ப கீழ இருந்த ஜோக்தான் கண்ணுல பட்டுது. அந்தக் கேள்விக்குறியப் பாத்தாலே, ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு தோணுதுங்க. உடனே எழுதவே வரமாட்டேங்குது."

இதுதான் நான் கவனிக்காமல் விட்டது. மெதுவாக எழுதுகிறவர் மேல் செய்தி குவியக் குவிய, அவர் இன்னும் மெதுவாகிறார். அவர் மெதுவாக மெதுவாக நான் இன்னும் நாலு அனுப்புகிறேன். நடுவில் முக்கியமான ஒரே கேள்வி திரைக்கு மேலே போய் மறைந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு ரெண்டே ரெண்டு மாற்றம் செய்தோம்.

ஒன்று என்னுடையது. பதில் தேவைப்படுகிற விஷயத்தைத் தனியாக, கடைசியாக, எப்போதைக்குள் வேண்டும் என்று சேர்த்து அனுப்புகிறேன். "ஞாயிறு சாயங்காலம் 5 மணி, பெசன்ட் நகர். சனி மதியத்துக்குள்ள சொன்னா போதும்." அதன் பிறகு அவர் பதில் வரும்வரை எதுவும் அனுப்புவதில்லை. நாய் போட்டோவெல்லாம் அதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும். சொன்னால் சின்ன விஷயம், ஆனால் முதல் வாரம் என் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது அவருடையது. செய்தியைத் திறந்து பார்த்தால் ஒரு வரி: "பாத்தேன், ராத்திரி எழுதறேன்." பஸ்ஸில் நின்றபடி ஒரு கையால் அடிக்கிற அளவுதான். ஆனால் அன்று ராத்திரி எழுத வேண்டும். அந்த வரி மட்டும் வந்து ராத்திரி எதுவும் வராமல் ரெண்டு மூன்று தடவை போனால், அது வேகப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை. இவர் எழுதினார்.

"அவர் அஞ்சு மணி நேரம் எடுத்தா நீயும் அஞ்சு மணி நேரம் கழிச்சு போடு" என்று ஒரு யோசனை சுற்றுகிறதே, அதையும் செய்து பார்த்தேன். அவர் மதியம் மூன்றுக்குப் போட்டதற்கு நான் வீம்பாக எட்டு மணிக்குப் போட்டேன். அவர் தூங்கப் போயாச்சு, காலை ஆறு மணிக்கு வேலை. மறுநாள் மூன்று மணிவரை ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு பதில். அதற்கு இன்லேண்ட் லெட்டரே போடலாம். நீல டிக்கை அணைத்துவைப்பதிலும் பெரிய லாபமில்லை. நாம் அணைத்தால் அவர்கள் படித்ததும் நமக்குத் தெரியாது.

அதற்காக, மெதுவாகப் பதில் போடுகிற எல்லாரும் பாவம் லைனில் நிற்கிறவர்கள் என்று சொல்ல வரவில்லை. இவருக்கு முன்னால் ஒருவர். அவரும் அஞ்சாறு மணி நேரம் எடுப்பார். ஒரு நாள் உட்கார்ந்து பதினோரு நாள் பேச்சையும் மேலே தள்ளிப் பார்த்தேன். அவர் என்னைப் பற்றிக் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாம் "ஹாஹா", "சூப்பர்", "ஆமால்ல". நான் எழுதுவதை நிறுத்தினேன், பேச்சும் அங்கேயே நின்றது. இன்னொருவர் இதற்கு நேர் எதிர். மூன்று நிமிஷத்தில் பதில் வரும், பக்கம் பக்கமாக. சந்திக்கலாமா என்றால் மட்டும் "இந்த வாரம் கொஞ்சம் டைட்". அப்படியே ஆறு வாரம் டைட். ஆகவே நான் இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. திரும்பிக் கேள்வி கேட்கிறாரா, சொன்ன நாளில் வந்து நிற்கிறாரா, இவ்வளவுதான் பார்க்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தும் ஒருவருக்கு ஒத்துவராமல் போகலாம். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தால்தான் நெருக்கம் வரும் என்றால் அதை முதல் வாரமே சொல்லிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் தோழி ஒருத்தி அப்படிச் சொல்லி நல்லபடியாகவே விலகினாள்.

இதை எழுதும்போது இரவு 10.20. இந்த வாரம் பி ஷிப்ட். ஞாயிறு பற்றி நான் அனுப்பியது ரெண்டு சாம்பல் டிக்கோடு லாக்கருக்குள் கிடக்கிறது. தெரு நாய் இன்றைக்கு ஆட்டோவின் கூரை மேலேயே ஏறிவிட்டது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.