ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியும் காவல்துறைப் புகாரும்

“சேர்க்கையின்போது ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பிறகு போலீசுக்குப் போக முடியாது, கல்லூரியே விசாரித்து முடித்துவிடும்” என்று சிலர் சொல்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறைகளோடு இணைக்கப்பட்டுள்ள மாணவர் உறுதிமொழியில் அப்படி ஒரு வரி இல்லை. ராகிங்கில் ஈடுபட மாட்டேன், துணைபோக மாட்டேன் என்று உறுதியளிக்கும் மாணவர், குற்றம் உறுதியானால் கல்லூரி தரும் தண்டனைக்கு உட்படுவதாகவும், அத்தண்டனை வேறு எந்தக் குற்றவியல் நடவடிக்கைக்கும் தடையாகாது என்றும் ஏற்கிறார். குற்றவியல் சட்டப்படி வழக்குக்கு இடமிருந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமையே முதல் தகவல் அறிக்கைக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 7ஆம் விதி. ராகிங்கில் ஈடுபட்டவரின் சேர்க்கை ரத்தாகலாம் என்பது உண்மைதான். ஆனால் அது தனி நடவடிக்கை. ஐயமிருப்பவர்கள் கையெழுத்திட்ட படிவத்தின் 5ஆம் பத்தியைப் படிக்கலாம். நகல் இல்லையென்றால் மானியக் குழுவின் இணையதளத்திலுள்ள ஒழுங்குமுறைகளில் முதல் பின்னிணைப்பைப் பார்க்கலாம்.