குளுகோகன் ஊசியோடு வேலை முடிவதில்லை

"சர்க்கரை இறங்கி மயங்கியவர் வாயில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுங்கள். எழாவிட்டால் மட்டும் குளுகோகன். எழுந்துவிட்டால் தூங்க விடுங்கள்."

ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் இந்த வரிசை ஆபத்தானது. நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். விழுங்க முடியவில்லை, வலிப்பு வருகிறது என்றால் முதலிலேயே ஊசிதான்; கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை இரத்தத்துக்குள் விடச் செய்வது குளுகோகன். சர்க்கரை பார்க்கும் மீட்டரைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்று இங்கே செவிலியர் அக்கா ஒருவர் சொன்னது சரி.

என் கணவருக்கு நானே போட்டேன். ஊசியிலிருந்த நீரைக் குப்பிக்குள் செலுத்தி, தூள் கரைந்து தெளியும்வரை சுழற்றி, மீண்டும் உறிஞ்சித் தொடையில் போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். உடனே 108-ஐ அழைத்தேன். 12ஆம் நிமிடம் விழித்தார், விழித்ததும் வாந்தி. மல்லாந்து கிடந்திருந்தால் புரையேறியிருக்கும்.

அதன்பின் தூங்க விடவில்லை. கல்லீரலில் சேர்ந்திருந்த சர்க்கரைதான் இப்போது செலவாகியிருக்கிறது. ஒன்றும் உண்ணாவிட்டால் மறுபடி இறங்கும். நன்றாக விழுங்க முடிந்ததும் பழச்சாறு, பிறகு இட்லி, இடையிடையே சோதனை.

15 நிமிடத்தில் விழிக்காவிட்டால், கையில் இருந்தால் இரண்டாவது ஊசி போடலாம். மாமாவுக்கு ஊசி பலிக்கவில்லை என்று இங்கே எழுதிய தம்பி, அன்று அவர் மது அருந்தியிருந்தாரா, நாள் முழுக்கப் பட்டினியா? அப்படியென்றால் கல்லீரலில் எடுத்துக்கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது.