எங்கள் தெருச் சாலைக்கான ஆர்.டி.ஐ.யில் எதை மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள்

பெங்களூரில் எங்கள் தெருவுக்குப் போட்ட தார் ஒரே மழையில் பெயர்ந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். "எல்லாத்தையும் மறுத்துட்டாங்க" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஓடுகிறது. அது உண்மையில்லை. பதிலும் மேல்முறையீட்டு ஆணையும் கன்னடத்தில் இருந்ததால் மாடி வீட்டு அக்காவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன்.

நாங்கள் கேட்டது நான்கு: பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல், தார்க் கலவையின் தரச் சோதனை அறிக்கை, சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது என்ற விளக்கம். பணி ஆணை கிடைத்துவிட்டது.

முக்கியமானது அளவுப் புத்தகம்தான். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று பொறியாளர் அளந்து எழுதுவது அதில்தான். அதை வைத்துத்தான் பில் போகும். இதைத் தகவல் அலுவலர் 8(1)(டி) பிரிவைக் காட்டி, ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம் என்று மறுத்தார். எப்படி ரகசியம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-ன்படி அவருடையது. முதல் மேல்முறையீட்டில் இதைத்தான் எழுதினோம். மேல்முறையீட்டு அலுவலர் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து, பணமும் கொடுத்தாகிவிட்டது. புத்தகம் அரசு எழுதியது. வெளியே வந்தால் யாருடைய போட்டி நிலைக்கும் கேடில்லை. வங்கிக் கணக்கு எண் இருந்தால் 10-வது பிரிவின்படி அதை மட்டும் மறைத்து, 15 நாளில் நகல் தரச் சொல்லிவிட்டார்.

சோதனை அறிக்கைக்கு வந்த பதில் "இந்த அலுவலகத்தில் இல்லை". இதை மறுப்பு என்று எழுதக் கூடாது. மறுப்புக்குச் சட்டப் பிரிவு காட்ட வேண்டும். இங்கே எதுவும் காட்டவில்லை. அறிக்கை அதே நிர்வாகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறது. 5(4)-ன்படி அங்கிருந்து கேட்டு வாங்கித் தந்திருக்க வேண்டும் என்கிறது ஆணை.

நான்காவதை மறுத்தது ஆணையிலும் அப்படியே நின்றது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சட்டம் தருவது ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பதை; "ஏன்" என்று கேட்டால் புதிதாக விளக்கம் எழுதித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. சாலை பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய பழுதுப் பொறுப்புக் காலத்தில் அவருக்கு அனுப்பிய நோட்டீஸ்களின் நகலைக் கேட்டிருந்தால் இந்த மறுப்புக்கு இடமே இருந்திருக்காது. புது மனுவில் அதைத்தான் கேட்டிருக்கிறோம்.

அளவுப் புத்தகப் பக்கங்கள் வந்துவிட்டன, அக்காவிடம் இருக்கின்றன. சோதனை அறிக்கை இன்னும் வரவில்லை. தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள் உண்டு, ஆணை கைக்கு வந்த தேதியை எல்லோரும் குறித்து வையுங்கள்.