முதல் ஆள் முடிவுக் கோட்டைத் தொட்ட பிறகு

"ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக ஓடி வரும் பிள்ளையைப் பற்றி மைக்கில் எப்படித்தான் வேடிக்கையாகப் பேசுவது?"

கேலியைப் பிள்ளையின் கால் மேல் வைக்காமல் முடிவுக் கோட்டின் மேல் வையுங்கள். 200 மீட்டரில் முதல் ஆள் முடித்ததும் பலர் மைக்கை இறக்கிவிடுகிறார்கள். அந்த மௌனம்தான் பின்னால் வருபவரைத் தனியாக விடுகிறது. நான் அப்போது, "முடிவுக் கோடே, எங்கே நழுவப் பார்க்கிறாய்? நான்காம் தடம் உன்னை விடப்போவதில்லை!" என்பேன். பெயர் சொல்ல மாட்டேன், தட எண் போதும். ஆமை, நத்தை, உடல்வாகு எதுவும் வாயில் வரக்கூடாது.

கூட்டம் சிரித்ததும் அந்த முகத்தைப் பாருங்கள். தலை குனிந்தால் விளையாட்டுப் பேச்சை நிறுத்தி, "இன்னும் பத்தே அடி" என்று தூரத்தை மட்டும் சொல்லுங்கள். அப்புறம், ஜெயித்தவரையும் சீண்ட வேண்டும்: "இவ்வளவு அவசரமா, பஸ் பிடிக்கவா?"