எழுபத்தொன்பது வயது அம்மாவும் அந்த முகப்புத் திரையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் அம்மாமேல் இல்லை, அவருக்கு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் டிவிமேல்தான். நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், ஆங்கிலம் பேசுவார், வாசிக்கத் திணறுவார், ஆனால் கோயில் பாடசாலையில் கற்ற தமிழை இன்றும் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டாமல் படிப்பார். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறார். பழைய டிவி செத்ததும் ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்தோம். அவர் கேட்டது மூன்றே மூன்று: தேவாரம், பழைய படம், கோயிலில் காவடி நேரலை. இதற்கு ஒரு முழு சனிக்கிழமை போய், அதன் பிறகும் இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

கடைக்காரர் உரிமம் இருக்கிறதா என்று சரியாகக் கேட்டார். இங்கே டிவி உரிமம் இல்லாமல் டிவி விற்கக் கூடாது, ஆண்டுக்கு 265 ராண்ட். அந்தக் காகிதத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது, ஆனால் இதை ஒரு வயதானவர் இயக்க முடியுமா என்று பார்க்க எவரும் இல்லை. "செருகினால் ஓடும்" என்றார். செருகினேன். கூகுள் கணக்கு கேட்டது.

என் கணக்கைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். நான் பார்க்கும் கிரிக்கெட்டும் என் மகன் பார்க்கும் விளையாட்டுக் காணொளிகளும் அம்மாவின் திரையில் வந்து குவியும். அது மட்டுமில்லை, என் கணக்கில் பணம் செலுத்தும் அட்டை சேர்ந்திருந்தால் அவர் தெரியாமல் எதையாவது அழுத்தினால் பணம் போகும். அதனால் அம்மாவுக்கென்று புதுக் கணக்கு, அட்டை எதுவும் சேர்க்காமல். கைபேசி எண் கேட்டது, குறியீடு அனுப்பியது, அம்மாவின் போன் படுக்கையறையில், தேடி எடுத்துக் கண்ணாடி போட்டு அவர் வாசிப்பதற்குள் நேரம் முடிந்தது. மறுபடி. ரிமோட்டின் அம்புக்குறியால் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக அடிக்காதீர்கள், திரையில் வரும் சதுரக் குறியீட்டைப் போன் கேமராவால் பிடித்து அங்கேயே உள்நுழையுங்கள். அதன் பின் வரிசையாக ஒப்புதல் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் ஒத்துக்கொள்ளும் பொத்தான் பளிச்சென்று பெரிதாக, வேண்டாம் என்பது மங்கலாக ஓரத்தில். கண்புரை அறுவை செய்த ஒருவர் எதை அழுத்துவார்? அது தெரியாமலா இந்த டிவியைச் செய்தவர்கள் அப்படி வைத்தார்கள்!

அடுத்தது மொழி. பட்டியலில் தமிழ் இருந்தது, மனசு குளிர்ந்தது. ஆண்ட்ராய்டில் ஓடும் டிவி, ஆகவே எழுத்தைப் பெரிதாக்க Settings, System, Accessibility, அங்கே Text scaling. அதையும் கூட்டினேன். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. தமிழ்ச் சொல் இயல்பிலேயே நீளம், அந்தக் கட்டங்களோ ஆங்கிலத்தின் சிறு சொற்களுக்கு அளந்து வெட்டியவை. எழுத்தைப் பெரிதாக்கினால் கட்டம் பெரிதாகாது, சொல்தான் வெட்டுப்படும். "அமைப்புகள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அமைப்..." என்று நின்றது, இன்னொரு இடத்தில் முதல் இரண்டு எழுத்தும் மூன்று புள்ளியும். பெரிய எழுத்து தேவைப்படும் வயதானவருக்குத்தான் தமிழும் தேவை, அவருக்கு ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். ஒரே ஒரு தமிழ் வாசகரை உட்கார வைத்து இந்தத் திரையைக் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, இந்தப் பெரிய எழுத்து டிவியின் அமைப்புப் பக்கங்களில்தான் வேலை செய்கிறது. செயலிகள் பல தங்கள் எழுத்தைத் தாங்களே வரைகின்றன, டிவி சொல்வதைக் கேட்பதில்லை. அம்மா பார்க்கப் போவது செயலியைத்தான், அமைப்புப் பக்கத்தையா? கடைசியில் எழுத்தை ஒரே ஒரு படி மட்டும் கூட்டிவிட்டு, நாற்காலியை இரண்டடி முன்னால் நகர்த்தினேன். யூடியூப் செயலிக்குள் தனியாக ஒரு மொழி அமைப்பு இருக்கிறது, அங்கேயும் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். டிவியின் மொழியை மாற்றிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம், செயலிக்குள்ளும் போய்ப் பாருங்கள்.

அப்புறம் முகப்புத் திரை. திறந்ததும் அவருக்குத் தேவையில்லாத படங்களின் பரிந்துரை வரிசைகள், தொட்டால் பணம் கட்டச் சொல்லும் பக்கம். இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: Settings, Accounts & Sign-In, அதில் அம்மாவின் கணக்கு, அதற்குள்ளே Apps only mode. கணக்குப் பக்கத்துக்குள் யார் போய் முகப்பைத் தேடுவார்கள்? அதைப் போட்டதும் வரிசைகள் போயின, செயலிகள் மட்டும் நின்றன, மேலே ஒரு பெரிய விளம்பரப் பட்டை மட்டும் அசையாமல் இருந்தது. செயலியின் மீது நடுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நகர்த்தலாம், யூடியூப்பை முதல் இடத்தில் வைத்தேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்த அமைப்பைப் போட்டால் ரிமோட்டின் மைக் தேடல் நின்றுவிடுகிறது. அம்மாவால் தட்டச்சு செய்ய முடியாது, பேசித் தேடுவதுதான் அவருடைய ஒரே வழி. எளிமை வேண்டுமா, குரல் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள், இரண்டும் ஒரே ஆளுக்குத்தான் தேவை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் எளிமையைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் கேட்க அமைந்த மைக் அவர் தமிழில் சொன்ன தேவாரத்தை எதெதுவாகவோ எழுதிக்கொண்டிருந்தது. தேடவே தேவையில்லாமல் செய்ததுதான் உதவியது: அவர் கணக்கைப் போனில் திறந்து, அவருக்குப் பிடித்த பாட்டுச் சேனல்களுக்கும் கோயில் சேனலுக்கும் சந்தா சேர்த்தேன். டிவியில் யூடியூப்பின் சந்தாப் பகுதிக்குப் போனால் அவை வரிசையாக நிற்கின்றன. தனிக் கணக்கு போட்டதன் பலன் அங்கேதான் தெரிந்தது.

ரிமோட்டைச் சொல்லாமல் விட முடியாது. கீழே நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டணச் சேவைக்கு விற்கப்பட்டவை. அவற்றை அணைக்க அமைப்பில் எங்கேயும் வழி கிடைக்கவில்லை. கை நடுங்கும் ஒருவர் ஒலியைக் குறைக்கப் போய் அதில் விரல் பட்டால் புதுப் பக்கம், உள்நுழையச் சொல்கிறது, எப்படித் திரும்புவது என்று தெரியாமல் டிவியின் பிளக்கையே பிடுங்கியிருக்கிறார் அம்மா. நான்கின் மேலும் அட்டைத் துண்டு வைத்துக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். முகப்புப் பொத்தானில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. "எது வந்தாலும் சிவப்பை அமுக்குங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன். இத்தனை விலை கொடுத்து வாங்கிய பொருளில் அவருக்கு உண்மையில் உதவியது டேப்பும் நகப்பூச்சும்தான்.

மூன்று வாரம் ஓடியது. போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு போன். "தம்பி, டிவி என்னமோ கேக்குது, பெருசா நீலமா ஒண்ணு இருக்கு, அமுக்கட்டுமா?" ஏதோ புதுப்பிப்பு வந்திருக்கிறது, மறுபடி ஒப்புதல் பக்கம், திரும்பவும் அந்தப் பெரிய பொத்தான். "எதையும் அமுக்காதீங்கம்மா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு நான் இருக்கும் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் முகப்பில் பரிந்துரை வரிசைகள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.